கணக்கு மென்பொருளையும் அதன் தரவையும் பிரிக்காதீர்கள்

கேள்வி: நாங்கள் 11 பேர் கொண்ட சிறிய கணக்குப்பதிவு நிறுவனம். எல்லோரும் இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம். அலுவலகத்தைக் காலி செய்யவும் முடிவெடுத்துவிட்டோம். கணக்கு மென்பொருளின் தரவு அலுவலகச் சர்வரில் இருக்கிறது. எங்களில் 7 பேர் விபிஎன் வழியாக அதைத் திறக்கிறோம். ஓர் அறிக்கை வர நான்கு நிமிடம் ஆகிறது. சில நேரம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. எக்செல் கோப்புகள் மின்னஞ்சலில் சுற்றி வருவதால் எது கடைசிப் பிரதி என்றே தெரிவதில்லை. ஒரு விற்பனையாளர் 11 பேருக்கும் தனித்தனியாகக் கிளவுட் கணினி வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் மைக்ரோசாஃப்ட் 365 அல்லது கூகுள் வொர்க்ஸ்பேஸ் மட்டும் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இருவர் சொல்வதிலும் பாதிதான் உங்களுக்குப் பொருந்தும். கோப்புகள், மின்னஞ்சல், கூட்டங்கள் ஆகியவற்றுக்குக் கிளவுட் அலுவலகக் கருவிகள் போதும். அவற்றுக்காக மெய்நிகர் டெஸ்க்டாப், அதாவது தொலைவில் ஓடும் கணினியின் திரையை வீட்டில் காட்டும் சேவை, வாங்குவது வீண்செலவு. கணக்கு மென்பொருளுக்கு மெய்நிகர் டெஸ்க்டாப் தேவைதான், ஆனால் அது முதல் விற்பனையாளர் சொல்லும் வகையிலானது அல்ல. அவர் சொல்கிறபடி 11 தனிக் கணினிகளை வாங்கினால், இப்போதுள்ள மந்தம் அப்படியே தொடர வாய்ப்பிருக்கிறது. அதற்கான காரணத்தை முதலில் விளக்கிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும்.

உங்கள் மென்பொருள் பழைய முறையில், தரவைக் கோப்புகளாக ஒரு பகிர்வுக் கோப்புறையில் வைத்திருக்கும் வகையைச் சேர்ந்தது என்று உங்கள் விவரிப்பிலிருந்து ஊகிக்கிறேன். இத்தகைய மென்பொருள் ஓர் அறிக்கையைத் தயாரிக்கும்போது, முழுத் தரவையும் ஒரே தடவையில் வாங்கிக்கொள்வதில்லை. சிறு சிறு துண்டுகளாகக் கேட்டு, ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்கிறது. வேறோர் ஊரில் இருக்கும் பேரேட்டை, வரிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்து படிப்பதற்கு ஒப்பான வேலை அது. ஓர் அறிக்கைக்கு 4,000 துண்டுகள் தேவை என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்குள் கேள்வி போய்ப் பதில் வர அரை மில்லி விநாடிதான் ஆகும்; மொத்தம் 2 விநாடியில் அறிக்கை வந்துவிடும். வீட்டிலிருந்து விபிஎன் வழியாக அதே பயணத்துக்கு 60 மில்லி விநாடி ஆனால், 4,000 தடவைக்கு 240 விநாடி, அதாவது நான்கு நிமிடம் ஆகிவிடும். இணையத் திட்டத்தை இரட்டிப்பு வேகத்துக்கு மாற்றினாலும் இந்த நான்கு நிமிடம் குறையாது, ஏனெனில் இங்கே தடையாக இருப்பது ஒரு விநாடிக்கு எவ்வளவு தரவு போகிறது என்பதல்ல, ஒவ்வொரு தடவையும் போய்த் திரும்பும் நேரம்தான். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். விபிஎன் இணைப்பில் இருக்கும்போது கட்டளைச் சாளரத்தைத் திறந்து, சர்வரின் முகவரியைக் கொடுத்து இந்தக் கட்டளையை இயக்குங்கள்:

```
ping -n 50 192.168.1.10
```

கடைசி வரியில் Average என்ற இடத்தில் வரும் எண்தான் அந்தப் பயண நேரம். ஏழு பேரும் அவரவர் வீட்டிலிருந்து இதைச் செய்து பார்த்தால், யாருக்கு அறிக்கை மிகத் தாமதமாக வருகிறதோ அவருக்கே இந்த எண்ணும் அதிகமாக இருப்பதைக் காண்பீர்கள். பாதியில் நிற்பதற்கும் காரணம் இதே ஏற்பாடுதான். மென்பொருள் தரவுக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது வீட்டு இணைப்பு ஒரு கணம் அறுந்தாலும், எழுதியது பாதியில் நின்று, கோப்பின் அட்டவணை பழுதாகக்கூடும். அறிக்கை தாமதமாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே புதிய ஏற்பாடு முடிவாகும்வரை, விபிஎன் வழியாகப் பதிவுகளை உள்ளிடும் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபின் தரவின் முழுக் காப்பு நகல் ஒன்றை எடுத்து வையுங்கள்.

மெய்நிகர் டெஸ்க்டாப் இந்தச் சிக்கலைத் தீர்ப்பது எப்படி என்றால், மென்பொருளும் தரவும் ஒரே தரவு மையத்துக்குள் அருகருகே இருக்க, உங்கள் வீட்டுக்குத் திரையின் படம் மட்டுமே வருகிறது; வீட்டிலிருந்து விசைத் தட்டலும் சுட்டியின் அசைவும் மட்டுமே போகின்றன. 4,000 கேள்விகளும் பதில்களும் அந்த மையத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். 60 மில்லி விநாடித் தாமதம் அப்போதும் இருக்கும், ஆனால் அதைத் தாண்டுவது ஒரு விசைத் தட்டலுக்கு ஒரே தடவைதான்; அதைக் கை உணராது. 100 மில்லி விநாடிக்குள் இருந்தால் வேலை இயல்பாக நடக்கும் என்பதும், 150-ஐத் தாண்டினால் தட்டிய எழுத்து பின்தங்கி வருவது கண்ணுக்குத் தெரியும் என்பதும் என் அனுபவம். இணைப்பு வீட்டில் அறுந்தால் திரைதான் மறையும். மென்பொருள் அங்கே ஓடிக்கொண்டே இருக்கும், மீண்டும் நுழைந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும்.

இங்கேதான் முதல் விற்பனையாளரின் யோசனை இடறுகிறது. தனிக் கிளவுட் கணினி என்று பரவலாக விற்கப்படுவது, மைக்ரோசாஃப்ட் 2021-இல் அறிமுகப்படுத்திய விண்டோஸ் 365 போன்ற சேவை. ஒருவருக்கு ஒரு கணினி, மாதத்துக்கு ஒரே கட்டணம் என்ற அளவில் அது மிக எளிமையானது. தனியாக வேலை செய்பவருக்கு நான் அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் சிறு நிறுவனங்களுக்கு விற்கப்படும் அதன் பிசினஸ் பதிப்பில், அந்தக் கணினிகளை உங்களுக்குச் சொந்தமான ஒரு தனி வலையமைப்புக்குள் சேர்க்க வழியில்லை. ஒவ்வொன்றும் தனித் தீவாகவே நிற்கும். ஏழு பேரும் பகிரவேண்டிய தரவுக் கோப்பை எங்கே வைப்பீர்கள்? அலுவலகச் சர்வரிலேயே வைத்தால் மீண்டும் விபிஎன், மீண்டும் அதே நான்கு நிமிடம். அதே நிறுவனத்தின் எண்டர்பிரைஸ் பதிப்பிலும், அமேசான் வொர்க்ஸ்பேசஸ் போன்ற பிற சேவைகளிலும், கணினிகளை ஒரே வலையமைப்பில் சேர்த்து அதே வலையமைப்பில் ஒரு கோப்புச் சர்வரையும் வைக்க முடியும். ஆனால் ஏழு பேருக்காக ஏழு கணினிகளையும் ஒரு சர்வரையும் பராமரிப்பது உங்கள் அளவுக்கு மிகையான ஏற்பாடு. விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கள் கணக்குத் தரவு எந்தக் கணினியின் எந்த வட்டில் இருக்கும்? தெளிவான பதில் வராவிட்டால் அந்த விலைப்பட்டியலை ஒதுக்கிவிடலாம்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு மெய்நிகர் கணினி, அதில் ஏழு பேரும் ஒரே நேரத்தில் தனித்தனி அமர்வாக நுழைவது. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூர் வெர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் இதற்கென்றே விண்டோஸ் 11 எண்டர்பிரைஸின் பல அமர்வுப் பதிப்பு கிடைக்கிறது. சாதாரண விண்டோஸ் 11 ப்ரோ ஒரு நேரத்தில் ஒருவரையே தொலைவிலிருந்து அனுமதிக்கும். இரண்டாமவர் நுழைந்தால் முதலாமவர் வெளியேற்றப்படுவார். அதைப் பலருக்குத் திறந்துவிடும் ஒட்டுநிரல்கள் கிடைக்கின்றன. அவை உரிமத்தை மீறுபவை, அடுத்த புதுப்பித்தலில் நின்றுபோகக்கூடியவை, தொடாதீர்கள். வேறு கிளவுட் நிறுவனத்தில் வைப்பதாக இருந்தால் விண்டோஸ் சர்வரும், அதில் நுழையும் ஒவ்வொருவருக்கும் தொலை அமர்வு உரிமமும் வாங்கவேண்டியிருக்கும். எந்த வழியானாலும், இதற்கெல்லாம் முன்பாகக் கணக்கு மென்பொருள் தயாரிப்பாளரிடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஒரே கணினியில் ஏழு அமர்வுகளில் இயக்க அவர்களது உரிமம் அனுமதிக்கிறதா என்பது ஒன்று, உலாவியிலேயே இயங்கும் பதிப்பு அவர்களிடம் உண்டா, உங்கள் பழைய தரவு அதற்கு மாறுமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஆம் என்ற பதில் வந்தால் மெய்நிகர் டெஸ்க்டாப்பே உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். அந்த வழி இருந்தால் அதுவே நல்ல வழி.

அளவைப் பற்றி இப்போது பார்ப்போம். நடுத்தர வேலைக்கு ஒரு மெய்நிகர் செயலிக்கு 4 பேர், கனமான வேலைக்கு 2 பேர் என்பது பல அமர்வுக் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழிகாட்டல். கணக்குப் பதிவு நடுத்தர வேலை. மாதக் கடைசியில் எல்லோரும் அறிக்கை எடுக்கும் நாள் கனமான வேலை. கனமான நாளைக் கணக்கில் கொண்டாலும் 4 மெய்நிகர் செயலிகளில் 8 பேர் வேலை செய்யலாம், ஆகவே ஏழு பேருக்கு அது போதும். உண்மையில் முதலில் தட்டுப்படுவது செயலியல்ல, நினைவகம். 4 செயலிகளோடு வழக்கமாகக் கிடைப்பது 16 ஜிபி. இயங்குதளத்துக்கும் பாதுகாப்பு நிரலுக்கும் 4 ஜிபி ஒதுக்கினால் எஞ்சும் 12 ஜிபியில் ஒருவருக்கு ஏறத்தாழ 1.7 ஜிபி வரும். கணக்கு மென்பொருளுக்கு அது தாராளம். ஆனால் அந்த அமர்வுக்குள்ளேயே ஒருவர் உலாவியைத் திறந்து இருபது பக்கங்களை அடுக்கிவைத்தால், அவர் ஒருவரே மற்ற ஆறு பேரின் வேலையையும் மந்தமாக்கிவிடுவார்.

அதனால்தான் முழு டெஸ்க்டாப்பைக் கொடுக்காமல், கணக்கு மென்பொருளின் சாளரத்தை மட்டும் கொடுங்கள் என்கிறேன். ரிமோட் ஆப் என்ற பெயரில் இந்த வசதி உண்டு. பணியாளரின் மடிக்கணினியில் மற்ற சாளரங்களோடு கணக்கு மென்பொருளும் ஒரு சாளரமாகத் தெரியும். உள்ளே அது எங்கோ ஓடிக்கொண்டிருப்பதை அவர் நினைவில் வைத்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. உலாவி, மின்னஞ்சல், காணொலிக் கூட்டம் எல்லாம் அவருடைய சொந்தக் கணினியிலேயே நடக்கும். காணொலிக் கூட்டத்தை மெய்நிகர் டெஸ்க்டாப்புக்குள் நடத்தினால், அதற்கெனத் தனி ஏற்பாடு செய்யாதவரை, படமும் குரலும் முதலில் தரவு மையத்துக்குப் போய், அங்கிருந்து மீண்டும் வீட்டுக்கு வரவேண்டும். குரல் தடுமாறுவதும் செயலி திணறுவதும் அங்கே அன்றாடப் புகார்கள். ரிமோட் ஆப் அந்தத் தொல்லையையே எழவிடாது. அச்சுப்பொறிகளையும் வருடிகளையும் தொலை அமர்வோடு இணைக்கப் பாடுபடாதீர்கள். அறிக்கையைப் பிடிஎஃப்பாக எடுத்து வீட்டுக் கணினியில் அச்சிடுவதும், ரசீதுகளை வீட்டுக் கணினியில் வருடி, நேரே கிளவுடில் உள்ள நிறுவனத்தின் பகிர்வு நூலகத்தில் சேமிப்பதும் குறைந்த சச்சரவுள்ள வழிகள்.

ஒரு நுணுக்கத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். பல கணக்கு மென்பொருள்களில் எக்செல்லுக்கு ஏற்றுமதி என்ற பொத்தானை அழுத்தினால், அவை அதே கணினியில் எக்செல்லைத் திறந்து அறிக்கையை நிரப்புகின்றன. அப்படியானால் அந்த மெய்நிகர் கணினியிலும் எக்செல் நிறுவப்பட்டிருக்கவேண்டும். பலர் பகிரும் கணினியில் மைக்ரோசாஃப்ட் 365-இன் எக்செல் இயங்குவதற்குப் பகிர்வுக் கணினிச் செயலாக்கம் என்ற உரிமை தேவை. சிறு நிறுவனத் திட்டங்களில் பிசினஸ் பிரீமியத்தில் மட்டுமே அது சேர்ந்து வருகிறது. அஷூர் வெர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் நுழையும் உரிமையும் அதே திட்டத்தில் அடங்கியிருக்கிறது. ஆகவே ஏழு பேருக்குப் பிசினஸ் பிரீமியமும், கணக்கு மென்பொருளைத் தொடாத நால்வருக்கு அதைவிடக் குறைந்த திட்டமும் வாங்கலாம். எல்லோருக்கும் ஒரே திட்டம் என்பது கேட்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் அதற்கு உங்கள் விஷயத்தில் அவசியமில்லை.

செலவைப் பொறுத்தவரை, இந்த வகைக் கணினிக்கு ஓடும் மணிநேரத்துக்குத்தான் கட்டணம். ஒரு மாதத்துக்குச் சராசரியாக 730 மணிநேரம். நாளுக்கு 11 மணிநேரம், 22 வேலை நாட்கள் என்று ஓட்டினால் 242 மணிநேரம், அதாவது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் இந்தச் சேமிப்பு தானாக வந்துவிடாது. கணினிக்குள் நுழைந்து விண்டோஸின் ஷட்டவுன் கட்டளையால் அணைத்தால், அஷூர் நிர்வாகப் பக்கத்தில் அதன் நிலை Stopped என்று காட்டும். கணினி அணைந்திருந்தாலும் வன்பொருள் உங்களுக்காக ஒதுக்கப்பட்டே இருப்பதால் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். நிலை Stopped (deallocated) என்று காட்டினால்தான் ஓடும் கட்டணம் நிற்கும். வட்டுகளுக்கான சிறு கட்டணம் மட்டும் தொடரும். முதல் வாரத்தில் இரவில் ஒரு நாளும் விடுமுறையில் ஒரு நாளும் இந்தச் சொல்லைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். மாலையில் தானாக நிறுத்தும் நேர அட்டவணையையும், அதற்குப் பிறகு யாரேனும் நுழைய முயன்றால் கணினியைத் தானாக எழுப்பும் Start VM on Connect என்ற அமைப்பையும் சேர்த்து வைத்தால், இரவில் வேலை செய்பவர் யாரையும் எழுப்பிக் கேட்கவேண்டியதில்லை; கணினி எழ ஓரிரு நிமிடம் ஆகும் என்பதை மட்டும் சொல்லிவையுங்கள்.

புதிதாக வருகிற தொல்லை ஒன்றும் உண்டு. அதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. வேலை முடிந்தவர் மென்பொருளிலிருந்து முறையாக வெளியேறாமல் மடிக்கணினியை மூடிவிடுவார். அவருடைய அமர்வு துண்டிக்கப்பட்டதே தவிர முடியவில்லை. அவர் திறந்த நிறுவனத்தின் கணக்கு அங்கே பூட்டியபடியே இருக்கும். மறுநாள் காலை மற்றொருவர் அதே கணக்கைத் திறக்கப் போனால், வேறொரு பயனர் பயன்படுத்துகிறார் என்ற செய்தி வரும். அப்போது நிர்வாகி அந்தக் கணினியில் இந்தக் கட்டளையை இயக்கினால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது தெரியும்:

```
quser
```

STATE என்ற பத்தியில் Active என்று இருப்பவர் வேலை செய்துகொண்டிருப்பவர். Disc என்று இருப்பவர் போய்விட்டவர். அதே வரியில் உள்ள ஐடி எண்ணை logoff என்ற கட்டளையோடு கொடுத்தால் அந்த அமர்வு முடிந்து பூட்டு விலகும். ஆனால் பதிவை எழுதிக்கொண்டிருக்கும் அமர்வை இப்படி வெட்டக் கூடாது; அவரைத் தொலைபேசியில் அழைத்து, சேமித்தாரா என்று கேட்ட பிறகே செய்யவேண்டும். நிலையான தீர்வாக, குழுக் கொள்கை அமைப்பில் Set time limit for disconnected sessions என்பதை இரண்டு மணிநேரமாக வைத்துவிடுங்கள். அதைவிடக் குறைத்தால் மதிய உணவு நேரத்தில் இணைப்பு அறுந்தவரின் வேலை அழிந்துபோகும். வரம்பே இல்லாமல் விட்டால் நேற்றைய அமர்வுகள் இன்றைய நினைவகத்தைத் தின்னும்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று இருக்கிறது. சில சிறு சேவையாளர்கள் ஒரு சர்வரை வாடகைக்குக் கொடுத்து, ஓர் ஐபி முகவரியையும் கடவுச்சொல்லையும் அனுப்பி, ரிமோட் டெஸ்க்டாப்பில் நேரே நுழையச் சொல்வார்கள். அப்படியானால் 3389 என்ற போர்ட் இணையத்துக்குத் திறந்திருக்கிறது என்று பொருள். அந்தப் போர்ட்டைத் தேடி இடைவிடாமல் கடவுச்சொற்களை முயன்றுகொண்டிருக்கும் தானியங்கி நிரல்கள் இணையத்தில் ஏராளம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் நுழையும் வழிகளில் இது மிகப் பழகிய வழி. அஷூர் வெர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் மெய்நிகர் கணினியே உள்ளிருந்து வெளியே தொடர்புகொள்வதால், உள்நோக்கிய போர்ட் எதையும் திறக்கவேண்டியதில்லை. அதற்கு மேல் 11 பேருக்கும், குறிப்பாக நிர்வாகக் கணக்குகளுக்கு, இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். நிறுவனம் கொடுத்த மடிக்கணினியில் வேலை செய்பவருக்கு, ஏற்றுமதி செய்த அறிக்கையைத் தன் கணினியில் ஒத்திசைந்த நூலகக் கோப்புறையில் சேமிக்கும்படி வட்டு இணைப்பை அனுமதிக்கலாம். குடும்பத்தினரும் பயன்படுத்தும் சொந்தக் கணினியில் வேலை செய்பவருக்கு அதை அனுமதிக்காதீர்கள். அவருக்கு மட்டும் முழு டெஸ்க்டாப்பைக் கொடுத்து, கோப்புகளையும் அதற்குள்ளேயே கையாளச் செய்வது வாடிக்கையாளரின் கணக்கைக் காக்கும்.

இனி எக்செல் கோப்புகளுக்கு வருவோம். மைக்ரோசாஃப்டா, கூகுளா என்பதைத் தீர்மானிக்கும் முன், உங்கள் கோப்புகளில் மேக்ரோ உள்ளவை எத்தனை என்று எண்ணுங்கள். விஷுவல் பேசிக்கில் எழுதிய மேக்ரோக்கள் கூகுள் ஷீட்ஸில் இயங்காது. உலாவியில் திறக்கும் எக்செல்லிலும் இயங்காது. கணினியில் நிறுவிய எக்செல்லில் மட்டுமே இயங்கும். கணக்கு நிறுவனங்களில் அப்படிப்பட்ட கோப்புகள் வழக்கமாகவே நிறைய இருக்கும், கணக்கு மென்பொருளும் எக்செல்லை நாடுகிறது என்றால் மைக்ரோசாஃப்ட் 365-தான் உங்களுக்கு இயல்பான தேர்வு. மேக்ரோவே இல்லை என்றால் கூகுள் வொர்க்ஸ்பேஸும் குறைவற்றதுதான். இரண்டாவதாக, ஒரு கோப்பு மற்றொரு கோப்பிலிருந்து எண்களை இழுக்கும் இணைப்புகளைப் பாருங்கள். அவற்றில் Z:\ என்று தொடங்கும் பழைய சர்வர் பாதை பதிந்திருந்தால், கோப்புகளை நகர்த்திய அன்றே அவை அறுந்துவிடும். பழைய எண்கள் திரையில் அப்படியே நிற்பதால் அறுந்ததை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். எக்செல்லின் டேட்டா பட்டியலில் உள்ள இணைப்புப் பட்டியலைத் திறந்தால் அந்தப் பாதைகள் தெரியும். நகர்த்தும் முன்பே அவற்றைக் குறித்துக்கொண்டு, நகர்த்தியபின் ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.

எது கடைசிப் பிரதி என்ற குழப்பம் தீர, கோப்பை அனுப்பாமல் கோப்பின் இணைப்பை அனுப்பும் பழக்கம் வந்தாகவேண்டும். கோப்பு நிறுவனத்தின் பகிர்வு நூலகத்தில் இருக்கவேண்டும், ஒருவருடைய சொந்த ஒன்டிரைவில் இருக்கக் கூடாது. பணியாளர் விலகி அவருடைய கணக்கை நீக்கினால், அவருடைய ஒன்டிரைவ் இயல்பான அமைப்பில் 30 நாட்களே காக்கப்படும். அதற்குள் யாரும் எடுக்காத கோப்புகள் போய்விடும். ஒரே கோப்பில் இருவர் சேர்ந்து எழுதுவதற்கு அது புதிய வடிவத்தில் இருக்கவேண்டும், பழைய .xls கோப்புகளை .xlsx அல்லது மேக்ரோ இருந்தால் .xlsm ஆக மாற்றிச் சேமியுங்கள்.

ஒரு கண்டிப்பான தடையும் இங்கே உண்டு. கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறையை ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ வைத்து, எல்லோருடைய கணினிக்கும் ஒத்திசைத்துக்கொள்ளலாம் என்று யாரேனும் சொல்லக்கூடும். செய்யவே கூடாது. ஒத்திசைவில் ஒவ்வொருவரும் தத்தம் பிரதியில் எழுதுகிறார்கள். மென்பொருள் போடும் பூட்டு மற்றவர் கணினிக்குத் தெரியாது. இருவர் ஒரே நேரத்தில் பதிவு செய்தால் ஒருவருடைய பதிவுகள் காணாமல் போகும், அல்லது தரவே பழுதாகும். கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒருவருடைய கணினிப் பெயர் ஒட்டிக்கொண்ட இரட்டைக் கோப்பு தெரிந்தால், அந்த மோதல் ஏற்கெனவே நடந்துவிட்டது என்று பொருள்.

காப்பு நகலைக் கிளவுட் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையையும் வைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் 365-இல் பகிர்வு நூலகம் இருப்பது ஷேர்பாயிண்ட்டில்; நீக்கிய கோப்பு அதன் குப்பைத்தொட்டியில் 93 நாட்கள் இருக்கும். ஆண்டு முடிவில், பத்து மாதங்களுக்கு முன் தவறாக நீக்கிய கோப்பைத் தேடுபவருக்கு அது உதவாது. நூலகத்துக்குத் தனிக் காப்புச் சேவை ஒன்றும், கணக்குத் தரவுக்கு மென்பொருளே எடுக்கும் தினசரிக் காப்பும், மெய்நிகர் கணினியின் வட்டுக்குத் தினசரிக் காப்பும் வேண்டும். கணக்குத் தரவை இயங்குதள வட்டில் வைக்காமல் தனித் தரவு வட்டில் வையுங்கள். விண்டோஸ் கெட்டுப்போனால் கணினியைப் புதிதாக உருவாக்கி, அந்த வட்டை அதில் பொருத்திக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டில் இருப்பது ஒரே கணினி என்பதால், அது நின்றால் ஏழு பேரும் நிற்பார்கள் என்பது உண்மையான குறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காப்பிலிருந்து ஒரு கணினியை உருவாக்கிப் பார்த்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதிவைத்தால், அந்தக் குறையை உங்களால் தாங்க முடியுமா என்பது ஊகமாக இல்லாமல் அளவாகத் தெரியும்.

மாறும் முறையிலும் கவனம் வேண்டும். முதலில் தரவின் நகல் ஒன்றைப் புதிய கணினியில் வைத்து, இருவர் மட்டும் ஒரு வாரம் பயன்படுத்தட்டும். அவர்களில் ஒருவர் உங்கள் குழுவிலேயே இணைய இணைப்பு மோசமாக உள்ளவராக இருக்கவேண்டும். அவர் முழு டெஸ்க்டாப்பாக நுழைந்து, அமர்வின் மேல்பட்டையில் உள்ள இணைப்புக் குறியை அழுத்தினால் அவருடைய பயண நேரம் தெரியும். அது அடிக்கடி 150 மில்லி விநாடியைத் தாண்டினால், அவர் வீட்டு வைஃபையைக் கம்பி இணைப்பாக மாற்றிப் பாருங்கள், அதிலும் குறையாவிட்டால் உங்களுக்கு இன்னும் அருகிலுள்ள தரவு மையத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த வாரத்தில் ஒரு மாதக் கடைசி நாள் வரும்படி பார்த்துக்கொண்டால் கனமான வேலையும் சோதிக்கப்பட்டுவிடும். அந்த நகலில் உண்மையான பதிவுகளை உள்ளிடக் கூடாது. இரண்டு இடத்திலும் பதிவு நடந்தால் அவற்றை ஒன்றுசேர்க்க எளிய வழியே கிடையாது.

இறுதி மாற்றத்தை ஒரு விடுமுறை நாளில் வையுங்கள். பழைய சர்வரில் எல்லோரும் வெளியேறிய பிறகு, ஒவ்வொரு வாடிக்கையாளர் கணக்குக்கும் இருப்பாய்வு அறிக்கையையும் கடைசிப் பதிவின் எண்ணையும் பிடிஎஃப்பாக எடுத்துக்கொண்டு, உடனே பழைய கோப்புறையை வாசிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிடுங்கள். யாராவது பழக்கத்தில் விபிஎன் வழியாக நுழைந்து பதிவு செய்வதை அதுதான் தடுக்கும். தரவை நகர்த்தி முடித்ததும் அதே இரண்டையும் புதிய கணினியில் எடுத்து ஒப்பிடுங்கள். இருப்பாய்வின் இரு பக்கக் கூட்டுத்தொகையும் கடைசிப் பதிவு எண்ணும் ஒத்திருந்தால் மறுநாள் காலை வேலையைத் தொடங்கலாம். ஒரு கணக்கில் ஒத்துவராவிட்டாலும் அன்று மாறாதீர்கள். பழைய கோப்புறையை மீண்டும் திறந்துவிட்டு, அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போடுங்கள். அலுவலகத்தைக் காலி செய்யும்போது பழைய சர்வரை விற்றுவிடாமல், அணைத்த நிலையில் பொறுப்பான ஒருவரிடம் வைத்திருங்கள். அடுத்த ஆண்டுக் கணக்கு முடிந்து, பழைய ஆண்டுகளின் அறிக்கைகளும் புதிய கணினியில் சரியாக வருகின்றன என்று உறுதியானபின், அதன் வட்டை முழுமையாக அழித்துவிட்டுக் கைவிடலாம்.